அரை ஷட்டர்

பந்த் முடிய ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடம் இருந்தபோது குற்றாலத்தில் லோகநாயகியின் எண்ணெய்க் கடைக் கண்ணாடி உடைந்தது. காலை ஆறு மணி முதல் மாலை ஆறு வரை பந்த். கல் வந்தது பன்னிரண்டு இருபதுக்கு. போனில் லோகநாயகி முதலில் சொன்னதே நேரத்தைத்தான். ஏதாவது நடந்தால் முதலில் மணியைப் பாருங்கள் என்று பாலிசி போட்ட அன்று சத்யபிரியா சொல்லியிருந்தாள். அதை அவள் மறக்கவில்லை.

“கடை போச்சுட்டி பிரியா,” என்றாள் அடுத்ததாக.

சத்யபிரியா மேலகரத்தில் தன் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். வேதியியல் படித்துவிட்டு, வேலைக்கு அலைந்து, கடைசியில் பரீட்சை எழுதி இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆனவள். தென்காசியிலும் குற்றாலத்திலும் அவளிடம் பாலிசி போட்ட கடைக்காரர்கள் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். நேரில் பேசக் கூச்சம். சொல்ல வேண்டியதைப் பெரும்பாலும் வாட்ஸாப்பில் எழுதி அனுப்பிவிடுவாள். இப்போது எழுத நேரமில்லை.

யாருக்காவது அடிபட்டதா என்று கேட்டாள். இல்லை. கடையில் வேலை பார்க்கும் பாத்திமுத்து பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். முன் கண்ணாடி முழுக்கப் போய்விட்டது. அதன் பின்னாலிருந்த பாட்டில் ரேக் சரிந்துவிட்டது. எண்ணெய் ரோடு வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

எதையும் கூட்ட வேண்டாம் என்றாள் சத்யபிரியா. வெளியிலிருந்து ஒரு வீடியோ, உள்ளேயிருந்து ஒரு வீடியோ. கல் கிடக்கும் இடத்திலேயே கிடக்கட்டும். அதன் பிறகு ரோட்டில் மண்ணைக் கொட்டச் சொன்னாள். பைக் ஏதாவது வழுக்கினால் வேறு வினை. மிச்சப் பாட்டில்களை உள்ளே தூக்கி வைக்கச் சொன்னாள். நஷ்டம் பெருகாமல் பார்த்துக்கொள்வதும் பாலிசி எடுத்தவர் பொறுப்பு.

“வரும்லா?” என்று கேட்டாள் லோகநாயகி. கிளெய்ம் பணத்தைக் கேட்கிறாள் என்று சத்யபிரியாவுக்குப் புரிந்தது. வரும் என்றாள், தானும் வருவதாகச் சொன்னாள்.

ஆனால் போக முடியவில்லை. கனிம லாரிகள் ஊருக்குள் வரக் கூடாது என்று நடந்த பந்த் அது. மேலகரம் விலக்கில் டயர் எரிந்துகொண்டிருந்தது. கம்பெனிக்குப் போன் செய்து தகவலைப் பதிவு செய்தாள். பிறகு அடுப்படிக்கும் முன்னறைக்குமாக நடந்தாள். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா சங்கரம்மாள் ஒரு கட்டத்தில் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒரு இடத்துல உக்காரேன்ட்டி. ஒன்னையப் பாத்தா எனக்குத் தலை சுத்துது.”

சத்யபிரியா உட்கார்ந்தாள். பாலிசியைக் கைபேசியில் திறந்து, கல்லெறிக்கு அதில் இடம் இருக்கிறதா என்று மூன்றாவது முறையாகப் பார்த்தாள். இருந்தது. தீ, இடி, வெடிப்பு எல்லாம் அடிப்படைப் பாலிசியிலேயே உண்டு. வேலைநிறுத்தம், கலவரம், வேண்டுமென்றே செய்யும் சேதம் ஆகிய மூன்றையும் சேர்த்து அந்தக் கம்பெனியின் கடைத் திட்டத்தில் தனி இணைப்பாக வைத்திருந்தார்கள். கூடுதலாகக் கொஞ்சம் கட்டினால்தான் சேரும். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால், கூட்டத்திலிருந்து கல் வந்து கடை நொறுங்கினாலும் கம்பெனி அதைப் பார்க்காது. சத்யபிரியா அதற்கு பந்த் கவர் என்று பெயர் வைத்திருந்தாள். அப்படிச் சொன்னால்தான் கடைக்காரர்களுக்குப் புரிந்தது.

புரிந்தவர்கள் எல்லோரும் எடுக்கவில்லை. லோகநாயகிக்குப் பக்கத்துக் கடையில் சிப்ஸ் போடும் மகாதேவன், குத்தாலத்துல தண்ணிதாம்மா கலவரம் பண்ணும், மனுசன் குளிக்கத்தான் வருவான் என்று சொல்லிச் சிரித்தார். லோகநாயகி மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டு, எங் கடைல முன்னாடி பூரா கண்ணாடி, போட்டுரு என்றாள். அவள் புருஷன் இறந்த மறுவருடம் ஆரம்பித்த கடை. குளியல் எண்ணெய், மூலிகைச் சோப்பு, தேன், துண்டு. சீசன் மூன்று மாதம் ஓடினால் வருடம் ஓடிவிடும்.

நாலு மணிக்குத் தம்பி இசக்கிராஜா வந்தான். காலையிலேயே பைக்கில் போனவன். எங்கே என்று அம்மா கேட்டதற்கு, தென்காசி பஸ் ஸ்டாண்டில் மறியல், அங்கேயே உட்கார்ந்திருந்தோம் என்றான். வலது உள்ளங்கையில் கைக்குட்டையைச் சுற்றியிருந்தான். முள்கம்பி கிழித்துவிட்டது என்றான். நேராகக் குளிக்கப் போனான். பேண்ட்டை அவனே துவைத்தான். அம்மா அதற்கு ஒரு கேலி சொன்னாள். போலீஸ் வேலைக்குப் போகும் முன்பே ஒழுக்கம் வந்துவிட்டது என்று.

அவன் எழுத்துத் தேர்விலும் உடல் தகுதியிலும் தேறிவிட்டான். ஆள் எப்படி என்று விசாரிக்கத் திங்கட்கிழமை ஸ்டேஷனிலிருந்து தெருவுக்கு வருவார்கள். அது ஒன்றுதான் பாக்கி.

ஆறு மணிக்கு டயர் அணைந்ததும் சத்யபிரியா ஸ்கூட்டியை எடுத்தாள்.

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மெயின் ரோட்டில் கடைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. லோகநாயகியின் கடை முன்னால் சிவப்பு மண் திட்டுத் திட்டாகக் கிடந்தது. ஷட்டர் இன்னும் பாதியில் நின்றது. பந்த் அன்று குற்றாலத்தில் அரை ஷட்டர்தான் வழக்கம். வெளியூர்க்காரர்கள் பந்த் தெரியாமல் வந்துவிடுவார்கள். எண்ணெய் தேய்க்காமல் அருவிக்குப் போக மாட்டார்கள். ஷட்டரை இடுப்பு வரை இறக்கிவிட்டு, குனிந்து வருகிறவர்களுக்கு விற்பார்கள். ஊர்வலம் வரும் சத்தம் கேட்டால் முழுதாக இழுத்துவிடுவார்கள். ஊர்வலத்தில் வரும் பையன்களுக்கும் இது தெரியும். பைக்கில் போகிற போக்கில் ஷட்டர் மேல் சின்னக் கல்லை விட்டெறிவார்கள். டமார் என்று தகரம் அதிரும். உள்ளேயிருந்து யாராவது வைவார்கள். அத்தோடு சரி.

இன்றைக்குக் கல் ஷட்டருக்குக் கீழே போயிருந்தது.

உள்ளே கால் வைத்ததும் வாசனை முகத்தில் அடித்தது. வெட்டிவேர், எலுமிச்சைப்புல், பச்சைக் கற்பூரம். லோகநாயகி சீசனின் கடைசிக் கூட்டத்துக்கென்று புதிதாகக் கலந்த எண்ணெய். முந்தின நாள் இரவுதான் பாட்டில்களை ரேக்கில் அடுக்கியிருந்தாள். முதல் பாட்டில்கூட விற்கவில்லை.

“கடன் வாங்கிப் போட்ட சரக்கு. முழுசும் தரையில,” என்றாள். அழவில்லை. பாத்திமுத்துவை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

கண்ணாடி இல்லாமல் கடை திறந்து கிடந்தது. எதிர் மதில் மேல் குரங்குகள் உட்கார்ந்து உள்ளே பார்த்தன. விடிந்து ஷட்டரை ஏற்றினால் தேன் பாட்டில் ஒன்றும் மிஞ்சாது. புதுக் கண்ணாடி போட முன்பணம் வேண்டும். சரக்கு போட்டவனுக்கும் சொல்ல வேண்டும். சீசன் முடிய மூன்று வாரம் இருந்தது. அதற்குள் கடை நிமிர்ந்தால் உண்டு.

சத்யபிரியா படம் எடுத்தாள். அலமாரி, ரேக், கண்ணாடி எல்லாம் பாலிசியில் தனித் தலைப்பில் இருந்தன. சரக்கு வேறு தலைப்பு. இரண்டுக்கும் பந்த் கவர் உண்டு. நாளைக்குக் காலையில் திருநெல்வேலியிலிருந்து சர்வேயர் வருவார், நஷ்டத்தை அவர்தான் மதிப்பிடுவார் என்று சொன்னாள். அதற்குள் ஸ்டேஷனில் ஒரு புகார் கொடுத்து ரசீது வாங்கிவிட வேண்டும்.

லோகநாயகி துடைப்பத்தை எடுத்து, கூட்டக் கூடாது என்று ஞாபகம் வந்து, திரும்பச் சுவரில் சாய்த்தாள்.

“புகார் வேண்டாம் பிரியா.”

“அது இல்லாம கம்பெனி பாக்காதுக்கா.”

“கடையைத் தெறந்து வச்சது நான். தப்பு எம்மேல. என்னன்னு புகார் குடுக்க?”

பந்த் அன்று கடை திறந்திருக்கக் கூடாது என்று பாலிசியில் எங்கேயும் இல்லை என்று சத்யபிரியா சொன்னாள். ஷட்டர் அரையா முழுதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். எறிந்தது யார் என்று தெரியாவிட்டால் அடையாளம் தெரியாத நபர்கள் என்று எழுதினால் போதும். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது, இவ்வளவு தொடர்ச்சியாகப் பேசியது. லோகநாயகி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் மறுபடியும் வேண்டாம் என்றாள்.

“தெரியலன்னு எழுதிக் குடுத்துட்டுப் பொய்யின்னு ஆச்சுன்னா?” என்று கேட்டாள். கேட்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது மகாதேவன் பிடித்துக்கொண்டார். அவர் கடையில் உடைந்தது ஒரு சின்னச் சிப்ஸ் பெட்டிதான். அவர் கவலை உடைந்ததைப் பற்றியல்ல. அடுத்த பந்த் பற்றி. இப்போது அந்தக் கவரைச் சேர்க்க முடியுமா என்றார். முடியும், ஆனால் பணம் கட்டிப் பதினைந்து நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், இன்றைக்கு உடைந்ததற்கு வராது என்றாள்.

“பதினஞ்சு நாள் பந்த் வைக்காதீங்கன்னு போய்ச் சொல்லிட்டு வருதேன்,” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்தபோது கொடியில் தம்பியின் பேண்ட் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அதைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். கடந்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

தண்ணீரில் எண்ணெய் போகாது. சோப்பு போட்டு நன்றாகக் கசக்கினாலும் வாசனை எண்ணெய் துணியில் கொஞ்சம் தங்கும். முழங்காலுக்குக் கீழே தொட்டுப் பார்த்தாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

வெட்டிவேர். எலுமிச்சைப்புல். பச்சைக் கற்பூரம்.

ரோட்டில் ஓடிய எண்ணெயில் மிதித்திருக்கலாம் என்று நினைத்தாள். மிதித்தால் செருப்பில் இருக்கும், முழங்காலில் இருக்காது. வண்டி வழுக்கி விழுந்திருக்கலாம். அப்படியென்றால் சொல்லியிருப்பானே. தென்காசியில் உட்கார்ந்திருந்தவன் குற்றாலத்தில் எப்படி விழுவான்?

உள்ளே அவன் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஸ்பூன் சரியாகப் பிடிபடவில்லை. அம்மா ஊட்டிவிடவா என்று கேட்டுச் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அக்கா வந்ததைப் பார்த்ததும் தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

கேட்டிருக்கலாம். கேட்டால் அவன் சொல்லிவிடுவான். அவனுக்குப் பொய்யை இரண்டாவது முறை சொல்ல வராது. சொல்லிவிட்டால் அவளுக்குத் தெரிந்ததாகிவிடும். கதவருகே நின்று, கை எப்படி இருக்கு என்று மட்டும் கேட்டாள்.

“பரவால்லக்கா,” என்றான். கொஞ்சம் நின்று, “ஒனக்கு நாளைக்கு வேல உண்டுமா?” என்று கேட்டான்.

“உண்டு,” என்றாள்.

அவளுக்குப் படுத்தும் தூக்கம் வரவில்லை. முன்னறையில் அவன் புரண்டு புரண்டு படுப்பதும் கேட்டது.

காலையில் சர்வேயர் சிவசுப்பிரமணியன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். ஐம்பது வயது. கையில் அளவு நாடா. கடை வாசலில் செருப்பைக் கழற்றப் போய், கண்ணாடித் துண்டுகளைப் பார்த்து அப்படியே நுழைந்தார். கண்ணாடியின் நீள அகலம் எடுத்தார். உடைந்த பாட்டில் கழுத்துகளை எண்ணச் சொன்னார். லோகநாயகி மொத்த வியாபாரியின் பில்களை நீட்டினாள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. சத்யபிரியா ஒரு மூலையில் நின்று அவர் கேட்கும் தாளை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் பேசியவிதம் சிரமப்படுத்தவில்லை. எது வரும், எது வராது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். உடைந்தது வரும். அதில் முதல் கொஞ்சத்தைக் கடைக்காரரே தாங்க வேண்டும், மிச்சம் கம்பெனி. கடை மூடிக் கிடக்கும் நாட்களின் வியாபாரம் இந்தக் கவரில் வராது. குழப்பத்தில் இரண்டு தேன் பாட்டில் காணாமல் போனதாக லோகநாயகி சொன்னாள். திருட்டு இதில் சேராது, உடைந்ததை மட்டும் எழுதுகிறேன் என்றார்.

“அரை ஷட்டர் போட்டுருந்தேன் சார்,” என்றாள் லோகநாயகி, தண்டனையை எதிர்பார்ப்பவள் போல.

“போடுங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.”

“ஆருன்னு கேக்க மாட்டீங்களா?”

அவர் நாடாவைச் சுருட்டினார். யார் எறிந்தாலும் பாலிசிக்கு ஒன்றுதான் என்றார். ஊர்வலத்தில் வந்தவன் எறிந்தால் கலவரம் அல்லது வேலைநிறுத்தம், தனியாக வந்து எறிந்தால் வேண்டுமென்றே செய்த சேதம். மூன்றும் ஒரே கவரில் இருக்கிறது. ஒன்றே ஒன்று. கடைக்காரர் சொல்லி எறிந்ததாக இருக்கக் கூடாது. அதற்காகத்தான் புகார் ரசீது கேட்கிறோம், கேமரா பதிவு கேட்கிறோம். ஆள் தெரிந்தால் கம்பெனி உங்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு அவனிடம் வசூலிக்கப் போகும். அது அவர்கள் பாடு.

ரசீது எங்கே என்று கேட்டார். இன்னும் புகார் கொடுக்கவில்லை என்றாள் லோகநாயகி. அவர் அதையும் எழுதிக்கொண்டார். வெளியிலிருந்து சில படங்கள் எடுக்க வேண்டும் என்று ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். மதில் குரங்குகள் அவருக்கு வழிவிட்டு நகர்ந்தன.

சத்யபிரியா லோகநாயகியின் பக்கத்தில் வந்து நின்றாள். இப்போதுகூடப் போய்க் கொடுத்துவிடலாம் என்றாள். ஸ்டேஷன் இதோ நாலு எட்டு. கொடுக்காவிட்டால் அவர் என்ன எழுதுவார் என்று சொன்னாள். காரணம் உறுதிப்படவில்லை என்று எழுதுவார். கம்பெனி ஃபைலை மூடிவிடும். பந்த் கவர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

லோகநாயகி ரோட்டைப் பார்த்தபடியே பேசினாள். மெதுவாக.

“கல்லு வந்ததும் ரேக்கு சாஞ்சுது. அடியில பாத்திமுத்து நிக்கா. எறிஞ்சவன் ஓடிப் போகலட்டி. ஷட்டருக்குள்ள நுழைஞ்சு வந்து ரேக்கைப் பிடிச்சான். கையெல்லாம் ரத்தம். எண்ணெயில மண்டி போட்டு அவளை வெளிய இழுத்தான். சத்தத்துக்குத்தான் எறிஞ்சேன்னு அழுதான்.”

சத்யபிரியா கையிலிருந்த தாள்களைக் கல்லா மேசையில் வைத்தாள்.

“கண்ணாடி எப்பமாவது போட்டுக்கிடலாம். திங்கக்கெழமை வெரிஃபிகேஷன் முடியட்டும். அதுவரைக்கும் நீ ஒண்ணும் கேக்காத.”

பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை. திங்கட்கிழமை வெரிஃபிகேஷன் உள்ளவன் மேலகரத்தில் ஒருவன்தான். அவன் தேறிய அன்று இந்தக் கடையில்தான் சத்யபிரியா இனிப்பு கொடுத்தாள்.

திங்கட்கிழமைக்குப் பிறகு கொடுக்கும் புகாரைக் கம்பெனி சந்தேகப்படும். ஏன் இத்தனை நாள் என்று கேட்பார்கள். பதில் இருக்காது. அதற்குள் குரங்குகள் உள்ளே வந்துவிடும். சீசனில் ஒரு வாரம் போய்விடும். சரக்கு போட்டவன் வந்து வாசலில் நிற்பான். இதையெல்லாம் தாங்கிக்கொள்ள லோகநாயகி முடிவு செய்திருந்தாள். நேற்று மாலையிலிருந்தே முடிவு செய்திருந்தாள். சத்யபிரியா அவளைப் புகார் கொடு, புகார் கொடு என்று விரட்டிக்கொண்டிருந்த நேரம் முழுவதும்.

சர்வேயர் திரும்பி வந்தார். கூரையோரம் இருந்த கேமராவை நிமிர்ந்து பார்த்தார்.

“பதிவைக் கொடுங்கம்மா. பென் டிரைவ் வச்சிருக்கேன்.”

“கேமரா ஓடல சார்,” என்றாள் லோகநாயகி. “ரெண்டு மாசமா.”

அவர் தலையசைத்தார். தன் தாளைப் பார்த்தார். பதிவு செய்த தகவலில் நேரம் பன்னிரண்டு இருபது என்று இருந்தது. சுவரில் கடிகாரம் இல்லை. ஆணி மட்டும்தான் இருந்தது. லோகநாயகி கையில் வாட்ச் கட்டுவதில்லை. கல்லா மேசைக்குப் பின்னால், கேமராப் படத்தையும் நேரத்தையும் காட்டும் ஒரு சின்னத் திரை கறுப்பாக இருந்தது. அதன் கீழே பச்சை விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது.

“நேரத்தை எதுல பாத்தீங்க?” என்று கேட்டார்.

லோகநாயகி கறுப்புத் திரைப் பக்கம் பார்த்தாள். போனில் என்றாள். போன் அப்போது எங்கே இருந்தது என்று கேட்டார். சார்ஜில், பின்னறையில் என்றாள். சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது அவளுக்கு விளங்கியது.

அவர் கோபப்படவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. பேனாவை மூடினார். ரசீது இல்லை, பதிவு இல்லை என்று சொல்கிறீர்கள், விளக்கு எரிகிறது என்றார். மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதான் நான் எழுத வேண்டிவரும் என்றார். அப்படி எழுதிவிட்டால் இந்தக் கிளெய்ம் மட்டுமல்ல, அடுத்த வருடம் எந்தக் கம்பெனியும் யோசிக்கும். சொந்த ஆளை விட்டு உடைத்த கடைகளை நான் பார்த்திருக்கிறேன், இதையும் அந்த மாதிரி வைத்துப் பார்ப்பார்கள்.

லோகநாயகி தலை குனிந்து நின்றாள். அவள் எதையும் மறுக்கவில்லை. பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளத் தயாராக நிற்பவளைப் போல இருந்தாள். சர்வேயர் பையை மூடினார்.

சத்யபிரியாவின் கை, நேற்று தம்பியின் பேண்ட்டைத் தொட்ட விரல்களையே தேய்த்துக்கொண்டிருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்கு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. புகார். வழக்கு. திங்கட்கிழமை வருகிறவர்கள் தெருவில் விசாரிக்க வேண்டியிருக்காது, ஸ்டேஷன் தாளிலேயே இருக்கும். அம்மா முறத்தை மடியிலிருந்து இறக்கி வைப்பாள். கம்பெனியில் ஏஜெண்டையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். உன் கஸ்டமர் கடை, உன் வீட்டு ஆள், இது ஏற்பாடு இல்லை என்று எப்படி நம்ப? பதிவைப் பார்த்தால் நம்புவார்கள். எறிந்ததும் அதில் இருக்கும், ரேக்கைப் பிடித்ததும் இருக்கும். ஆனால் பதிவைத் தர வேண்டியவள் தர மாட்டாள்.

சர்வேயர் ஷட்டருக்கு அடியில் குனிந்தார்.

“சார்.”

குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. அவர் பாதி குனிந்தபடி நின்றார்.

“ஏட்டி, வேண்டாம்,” என்றாள் லோகநாயகி.

“சார், கேமரா ஓடுது. திரையைத்தான் அமத்திருக்காங்க. அக்கா எனக்காகச் சொல்லாம இருக்காங்க.”

அவர் நிமிர்ந்தார். ரோட்டில் ஒரு வேன் நின்று, குளிக்க வந்தவர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சத்யபிரியா அவர்களைப் பார்க்கவில்லை. சர்வேயரின் முகத்தையே பார்த்தாள். ஒருவரையும் அவள் அப்படிப் பார்த்துப் பேசியதில்லை.

“கல்லு எறிஞ்சது என் தம்பி. இசக்கிராஜா.”